வீட்டைத் தின்னுறது யார்?

பென்சன் இல்லாத ஒரு அம்மா, தான் குடியிருக்கிற வீட்டை வங்கிக்கு ஈடு வச்சு மாசாமாசம் காசு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? "வீட்டைத் தின்னுட்டா. பிள்ளையளின்ர தலையில கடனைக் கட்டிட்டுப் போகப் போறா." உவர்மலையிலும் சொல்லும், உட்துறைமுக வீதியிலும் சொல்லும். படிச்ச பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிற நாமும் சொல்லுவோம்.

இந்தப் பேச்சு இரண்டு விதத்தில் பிழை என்பதுதான் எங்கள் வாதம். அந்த அம்மா தின்னுறது தன்னுடைய வீட்டை, எங்களுடையதை அல்ல. அடுத்தது, நாம் பயப்படுகிற இடத்தில் ஆபத்து இல்லை. ஆபத்து இருக்கிற இடத்தை நாம் பார்க்கிறதே இல்லை.

இந்த முறைக்குப் பெயர் ரிவர்ஸ் மோர்ட்கேஜ். தமிழில் தலைகீழ் ஈடு என்று வச்சுக்கொள்வோம். சாதாரண ஈட்டில் மொத்தமாக வாங்கி மாசாமாசம் கட்டுவோம். இதில் வங்கி மாசாமாசம் தரும், கடன் கடைசியில் மொத்தமாகத் தீரும். எங்கள் ஊரில் இது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. இந்தியாவில் 2007 வரவு செலவுத் திட்டத்தில் ப. சிதம்பரம் அறிவித்தார், அதே ஆண்டில் தேசிய வீட்டுவசதி வங்கி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 60 வயது தாண்டியவர், சொந்த வீட்டில் குடியிருப்பவர் இதை எடுக்கலாம். எங்கள் மொழியில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற உதாரணம் அதுதான் என்பதால் அந்த விதிகளையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஊர்ப் பயத்தைத் தீர்ப்போம். கடன் எடுத்தவரும், சேர்ந்து கையெழுத்து வைத்த துணைவரும் உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்வரை வங்கி கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. வீட்டு வரியைக் கட்டி, காப்புறுதி எடுத்து, வீட்டைப் பழுதில்லாமல் வச்சிருந்தால் போதும். இரண்டு பேரும் போனபிறகு பிள்ளைகளிடம் முதலில் கேட்பார்கள்: கடனைக் கட்டி வீட்டை எடுக்கிறீர்களா? ஏலாது என்றால் வீட்டை விற்று வங்கி தன் காசை எடுக்கும். மிஞ்சினால் அது பிள்ளைகளுக்கு. வீடு கடனை விடக் குறைந்த விலைக்குப் போனால் அந்த நட்டம் வங்கிக்கு. பிள்ளையின் சம்பளத்திலோ வேறு காணியிலோ கைவைக்க முடியாது. ஆக, "தலையில கடன்" என்ற கதை பொய்.

இப்போ உண்மையான ஆபத்துக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் பெறுமதி ஒரு கோடி ரூபாய். வங்கி அதில் 60 வீதத்தை, அதாவது 60 இலட்சத்தைத் தர ஒத்துக்கொள்கிறது. வட்டி வருடத்துக்கு 10 வீதம், காலம் 15 வருடம். அம்மாவுக்கு 65 வயது. மாசம் எவ்வளவு வரும்? 60 இலட்சத்தை 180 மாதத்தால் பிரித்து 33 ஆயிரம் என்று சொல்லாதீர்கள். கைக்கு வருவது ஏறக்குறைய 14,500 ரூபாய்தான். ஏனென்றால் அந்த 60 இலட்சம் என்பது 15 வருட முடிவில் வட்டியோடு சேர்ந்து நிற்கிற கடன். முதல் மாசம் தந்த காசு 15 வருடமும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். 180 மாதத்தில் அம்மா வாங்கியது 26 இலட்சம், மிச்சம் 34 இலட்சமும் வட்டி.

அம்மாவுக்கு இப்போது 80 வயது. காலம் முடிந்தது, மாசக் காசும் நின்றது. இந்திய விதியில் காலம் எவ்வளவு நீண்டாலும் 20 வருடத்தைத் தாண்டாது. வீட்டை விட்டு யாரும் எழுப்பமாட்டார்கள், அது உண்மை. ஆனால் மருந்துச் செலவு கூடுகிற வயதில் வருமானம் பூச்சியம், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். அவ 87 வயது வரை இருந்தால், ஒரு சதமும் புதிதாக வாங்காமலே 60 இலட்சம் ஒரு கோடி 20 இலட்சம் ஆகிவிடும். இந்த 22 வருடத்தில் வீட்டின் பெறுமதி வருடம் 5 வீதம் ஏறியிருந்தால், வீடு இரண்டு கோடி 90 இலட்சத்தைத் தாண்டி நிற்கும், பிள்ளைகளுக்கு நிறையவே மிஞ்சும். ஏறாமல் இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வழியிலும் நட்டப்பட்டது பிள்ளை இல்லை, கடைசி ஏழு வருடமும் வெறுங்கையோடு இருந்த அம்மாதான்.

அந்த 14,500 ரூபாயும் அப்படியே இருக்குமா? 2022 செப்டெம்பரில் கொழும்பில் ஒரு வருடத்துக்குள் விலைவாசி 69.8 வீதம் ஏறியதை நாம் வாழ்ந்து பார்த்தோம். அப்படி ஒரு வருடம் வந்தால், 14,500 ரூபாய்க்கு முதல் வருடத்து 8,500 ரூபாய்ச் சாமான்தான் வரும். முதியவர்களின் வைப்புக்குத் தந்த 15 வீத விசேட வட்டியையும் அந்த வருடமே நிறுத்தினார்கள். இந்திய விதியில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டை மறுமதிப்பீடு செய்யச் சொல்லியிருக்கிறது, அதை வைத்து மாசத் தொகையை வங்கி கூட்டலாம். இங்கே ஐந்து வருடம் காத்திருந்தால் அதுக்குள்ள சீவன் போயிடும்.

இன்னொரு விதி எங்களுக்கென்றே எழுதினது போல இருக்கிறது. கடன் எடுத்தவர் தொடர்ந்து ஒரு வருடம் வீட்டில் இல்லாவிட்டால், நிரந்தரமாக வெளியேறியதாக எடுத்துக் கடனைத் திருப்பிக் கேட்கலாம். கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்தால் அம்மா போவா. விசாவை நீட்டுவா, பனி முடியட்டும் என்பா, பேத்தி நடக்கட்டும் என்பா. ஒரு வருடம் போனதே தெரியாது. செத்தபிறகும் இதே அவசரம்தான். கணக்கைத் தீர்க்க இரண்டு மாதம் வரை அவகாசம் கொடுக்கலாம் என்கிறது விதி. ஒரு பிள்ளை லண்டனிலும் ஒன்று திருகோணமலையிலும் இருக்கிற குடும்பம், அந்தியேட்டி முடிந்து மரணச் சான்றிதழ் எடுக்கவே ஒரு மாதம் போய்விடும். இதோடு இங்கே 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தோடு வங்கி ஏலம் விடலாம். பராட்டே என்று செய்திகளில் வருவது அதுதான். இந்தச் சட்டம் இருக்கிற நாட்டில் இரண்டு மாத அவகாசம் அவகாசமே இல்லை.

கடைசியாக, எங்கள் ஊரில் யாரால் இதை எடுக்க முடியும்? தன் பெயரில் சுத்தமான உறுதி இருப்பவரால் மட்டும். கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. சீவிய உரித்தை மட்டும் வச்சுக்கொண்டு தாய் நன்கொடை உறுதி எழுதிவிடுகிறா. அவ அந்த வீட்டில் சாகும்வரை இருக்கலாம், ஆனால் அது அவவின் வீடு இல்லை, ஈடு வைக்கவும் முடியாது. அரச காணி அனுமதிப்பத்திரத்தில் இருப்பவர் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் ஈட்டைப் பற்றி யோசிக்கவே ஏலாது. அதாவது காசு ஆகத் தேவைப்படுகிற முதியவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள்.

வீட்டை எழுதித் தந்த தாய்க்கு மாசம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று எங்களில் எத்தனை பேர் கணக்கு வச்சிருக்கிறோம்? அந்தக் கணக்கைக் காட்ட முடியாதவர்களுக்கு "வீட்டைத் தின்னுட்டா" என்று சொல்ல உரிமை இல்லை. இந்தத் திட்டம் நாளைக்கு இங்கே வந்தால் நாம் கேட்க வேண்டியது "எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று அல்ல. மாசக் காசு அவ இருக்கும்வரை வருமா, விலைவாசியோடு ஏறுமா, பேத்தியைப் பார்க்கப் போனால் வீடு பறிபோகுமா என்று கேட்போம். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத வங்கிக்கு அம்மாவின் உறுதியைக் கொடுக்கக் கூடாது. தருகிற வங்கி வந்தால், கையெழுத்து வைக்கிற அம்மாவை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போகிறதும் நாங்களாகவே இருக்க வேணும்.