பாட் தூக்கிப் போட்டதை யார் எடுக்கிறாங்க?

ஆர்பிஏ எலெக்டிவ் எடுத்தவர்களுக்கு அந்த டெமோ ஞாபகம் இருக்கும். எக்ஸெல்லில் பத்து வரி. பாட் ஒவ்வொரு வரியா எடுத்து ஒரு வெப் ஃபார்மில் டைப் பண்ணி சப்மிட் அழுத்தும். மவுஸ் தானா நகர்றதைப் பார்க்க ஜாலியாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பத்து வரியும் சுத்தமான வரி. தப்பான வரி வந்தா என்ன நடக்கணும்னு டெமோவில் யாரும் காட்ட மாட்டாங்க. "எக்ஸெப்ஷனை மனுஷங்ககிட்ட அனுப்பிடும்" என்று ஒரு ஸ்லைடில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். என் கருத்து இதுதான்: அந்த ஒரு வரிதான் முழு பிராஜெக்ட்டும். அதைக் கடைசியில் யோசிக்கிறதாலதான் நல்லா ஓடுற பாட்கூட ஆஃபீஸில் திட்டு வாங்குது.

ஒரு உதாரணத்தை எடுத்துப்போம். ஒரு கம்பெனிக்கு வர்ற பில்களைச் சரிபார்க்கிற பாட். ஆர்டர் பண்ணினது எவ்வளவு, ஸ்டோர்ஸில் வந்து சேர்ந்தது எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு என்ற மூணும் ஒத்துப்போனால் பணம் கொடுக்கலாம். அக்கவுண்ட்ஸில் இதை த்ரீ-வே மேட்ச் என்பாங்க. ஆர்பிஏ-வுக்கு ரொம்பப் பொருத்தமான வேலை, ஏன்னா விதி தெளிவா இருக்கு.

இப்போ ஒரு பில் வருது. 100 பேரிங், ஒண்ணு 250 ரூபாய், வரியை விட்டுட்டா மொத்தம் 25,000. ஆர்டரும் 100-க்குத்தான். ஆனா ஸ்டோர்ஸ் பதிவில் 90 தான் வந்திருக்கு. பாட் இதை நிறுத்தணும், நிறுத்தும். யூஐபாத்தில் நாம எழுதுறது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
New BusinessRuleException("Validation failed")
```

இந்த பில் கியூவில் `Failed` என்று போய் உட்கார்ந்துக்கும். அக்கவுண்ட்ஸில் இருக்கிற அக்கா அதைத் திறக்கிறாங்க. எது ஃபெயில் ஆச்சு? தெரியாது. பிடிஎஃப்-ஐத் திறக்கணும், ஆர்டர் நம்பரைத் தேடணும், இன்னொரு ஸ்கிரீனில் ஸ்டோர்ஸ் பதிவைப் பார்க்கணும். அதாவது பாட் செஞ்ச எல்லா வேலையையும் முதலில் இருந்து செய்யணும். கொடுமை என்னன்னா, எக்ஸெப்ஷன் எறிஞ்ச அந்த நொடியில் 100, 90, 100 என்ற மூணு நம்பரும் பாட்டின் வேரியபிளில் இருந்தது. நாமதான் அதைக் குப்பையில் போட்டோம். அதுக்குப் பதிலா இப்படி வந்திருந்தால்?

```
New BusinessRuleException("PO line 10: ordered 100, received 90, billed 100")
```

(நிஜத்தில் அந்த நம்பர்கள் வேரியபிளில் இருந்து வரும், கையால் டைப் பண்ணக் கூடாது.) இதைப் பார்த்ததும் அந்த அக்கா நேரா ஸ்டோர்ஸுக்கு போன் போடுவாங்க. பத்து பீஸ் இன்னும் லாரியில் இருக்கா, வந்தும் என்ட்ரி போடலையா, உடைஞ்சதுன்னு திருப்பி அனுப்பினாங்களா? மூணுக்கும் வேற வேற முடிவு. ஆளுக்கான வேலை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்குது. நம்பர் தேடுறது அவங்க வேலை இல்லை.

இங்கே இன்னொண்ணும் கவனிங்க. எல்லாத் தோல்வியும் அந்த அக்காகிட்ட போகக் கூடாது. அளவு ஒத்துப்போகலைன்னா அது பிசினஸ் எக்ஸெப்ஷன்; எத்தனை தடவை திரும்ப ஓட்டினாலும் 90 என்பது 100 ஆகாது. அதனால்தான் யூஐபாத் கியூ அதைத் தானா ரீட்ரை பண்றதில்லை. ஸ்கிரீன் லோட் ஆகலை, அப்டேட்டில் பட்டன் மாறிப்போச்சு என்றால் அது சிஸ்டம் எக்ஸெப்ஷன். ரீட்ரை செட் பண்ணியிருந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கும், அப்பவும் முடியலைன்னா டெவலப்பர்கிட்ட வரணும். இரண்டையும் ஒரே `Catch`-இல் பிடிச்சு ஒரே மெயிலில் அனுப்பினால், பட்டன் மாறின அன்னிக்கு அக்கவுண்ட்ஸ்காரங்க மேல நூறு பில் வந்து விழும். அவங்க பில்லில் தப்பு தேடிட்டு இருப்பாங்க, தப்போ நம்ம செலக்டரில்.

சரி, "80 சதவீதம் பில் பாட்டே முடிச்சிடுது" என்ற அறிவிப்புக்கு வருவோம். ஒரு கணக்குக்கு, மாசம் 10,000 பில் என்று வைங்க. 8,000 சுத்தமானது, ஆளே செஞ்சாலும் 3 நிமிஷம். 2,000 சிக்கலானது, போன், மெயில் எல்லாம் சேர்த்து 15 நிமிஷம். பாட் வர்றதுக்கு முன்னாடி 24,000-மும் 30,000-மும் சேர்த்து 54,000 நிமிஷம், அதாவது 900 மணி நேரம். ஒருத்தர் மாசம் 150 மணி நேரம் என்றால் ஆறு பேர். பாட் அந்த 24,000-ஐ எடுத்துக்குது. மிச்சம் 30,000 நிமிஷம், 500 மணி நேரம், மூணு பேருக்கும் மேல. பில் எண்ணிக்கையில் 80 சதவீதம் போச்சு, வேலையில் பாதிகூடப் போகலை. ஆனா மேனேஜ்மெண்ட் 80-ஐப் பார்த்து ஆறு பேரை ரெண்டாக்கினால், அந்த ரெண்டு பேர் நாள் பூரா கஷ்டமான பில்லை மட்டுமே பார்ப்பாங்க, அதுவும் தீராது. இடையில் மூச்சு விடுறதுக்கு ஒரு சுலபமான பில்கூட வராது.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே 'ஐரனீஸ் ஆஃப் ஆட்டோமேஷன்' என்ற கட்டுரையில் இதைச் சொல்லிட்டார். அவர் பேசினது தொழிற்சாலை கண்ட்ரோல் ரூம் மாதிரி இடங்களைப் பத்தி. டிசைனருக்கு எதை ஆட்டோமேட் பண்ணத் தெரியலையோ அதெல்லாம் ஆளுக்கு மிச்சமா வந்து சேருது என்பது அவர் கவனிச்ச விஷயம். பில் பாட்டுக்கும் அது அப்படியே பொருந்துது.

கியூ நிரம்பி வழியும்போது அடுத்து நடக்கிறதுதான் ஆபத்து. எக்ஸெப்ஷனைக் குறைக்கச் சொல்லி நமக்கு பிரஷர் வரும். ரொம்ப ஈஸியான வழி, விதியைத் தளர்த்துறது. 100 ரூபாய் வித்தியாசம் வரை விடலாம் என்று இருந்ததை 1,000 ஆக்கிடலாம். டாஷ்போர்டு உடனே பச்சையாயிடும். அதனால எக்ஸெப்ஷன் எண்ணிக்கை திடீர்னு இறங்கினால் சந்தோஷப்படாதீங்க, யார் எந்த விதியை மாத்தினாங்கன்னு முதலில் பாருங்க.

எக்ஸெப்ஷனே ஆகாம போற தப்பும் உண்டு. ஒரே பில்லை வெண்டர் ரெண்டு தடவை அனுப்புறார். ஒண்ணில் நம்பர் `INV/0457`, இன்னொண்ணில் `INV-0457`. பாட் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அது ரெண்டு பில். மொத்த ஆர்டரில் இன்னும் அளவு பாக்கி இருந்து, அடுத்த லோடும் ஸ்டோர்ஸுக்கு வந்திருந்தால் மூணு நம்பரும் ஒத்துப்போகும், பணம் ரெண்டு தடவை போகும். ஸ்டேட்டஸ் `Successful`. ஒரு ஆள் பார்த்திருந்தால் "இதை நேத்தே பார்த்தேனே" என்றிருப்பார். கோடில் குறியெல்லாம் எடுத்துட்டு ஒப்பிடலாம், செய்யணும். ஆனா நாம யோசிக்காத அடுத்த வகையை அது பிடிக்காது. அதுக்கு ஒரே வழி, வாரா வாரம் `Successful` ஆன பில்லில் ஒரு இருபதையாவது சும்மா எடுத்து ஒரு ஆள் திறந்து பார்க்கிறது. நம்ம சிலபஸில் இது இல்லை.

"நேத்தே பார்த்தேனே" என்று சொல்ற அந்தக் கண்ணு எங்கிருந்து வந்தது? ஆயிரக்கணக்கான சாதா பில்லைப் பார்த்துத்தான். இந்த வெண்டர் எப்பவும் ரெண்டு லோடா அனுப்புவார், அந்த வெண்டர் ஃபிரெய்ட்டைத் தனி லைனில் போடுவார் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. பாட் வந்த பிறகு சேர்ற புது ஆளுக்கு அந்த சாதா பில் கிடைக்கவே கிடைக்காது. முதல் நாளே சிக்கல்தான். அதனால புதுசா சேர்றவருக்கு ஒரு மாசமாவது பாட்டை ஓரமா வச்சுட்டு, கொஞ்சம் வெண்டர்களின் பில்லைக் கையாலயே போட விடணும் என்று நான் நினைக்கிறேன். பாட் செய்ற வேலைக்கு ஏன் ஆள் என்று மேனேஜர் கண்டிப்பா கேட்பார். அந்த 30,000 நிமிஷத்தைக் காட்டி, இதைச் செய்யப்போற அடுத்த ஆள் யாருன்னு அவரையே கேளுங்க.