கலந்த படமும் பிறவாத முகமும்

பெற்றோர் இருவரின் ஒளிப்படங்களைக் கலந்து, பிறக்கவிருக்கும் குழந்தையின் முகத்தைக் காட்டுவதாகச் சில செயலிகள் கூறுவது முன்கணிப்பன்று, வெறும் ஊகமே. எளிய செயலி இரு முகங்களின் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. மரபுப்பேறு அவ்வாறு இயங்குவதில்லை. தாயின் 23 குரோமோசோம் இணைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று மட்டுமே குழந்தையைச் சேர்கிறது. இத்தேர்வு ஏறத்தாழ 84 லட்சம் வகைகளில் அமையலாம், தந்தையிடத்தும் அவ்வாறே. அதனால்தான் உடன்பிறந்தோரின் முகங்கள் வேறுபடுகின்றன. பெற்றோரிடம் வெளிப்படாத பாட்டனின் சாயல் பேரனிடம் தோன்றலாம். அதனை அவர்களது ஒளிப்படம் எங்ஙனம் அறியும்? வளர்ந்த பிள்ளைகள் இருவரின் பெற்றோர் படங்களைச் செயலியில் இட்டுப் பார்க்கட்டும். அது தரும் ஒற்றை முகம் அவ்விருவருள் எவருடையது?