படிவத்தில் பொய்யெழுதும் பெற்றோரே!

தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் உள்ள வீடுகளில், கோடை விடுமுறை வந்தால் கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளைகள் வந்திறங்குகின்றனர். அதே திங்கள்களில்தான் அமெரிக்காவின் வார இறுதித் தமிழ்ப்பள்ளிகள் பல தம் சேர்க்கைப் படிவத்தை வெளியிடுகின்றன. ஆகசுட்டு, செப்டம்பரில் வகுப்புத் தொடங்குகின்றது. எனவே அயலகப் பள்ளிக்கான பதிவு பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கின்றது. அங்கு நிகழும் ஒரு பொய்யைப் பற்றியே இக்கட்டுரை.

என் பேரனுக்கு அகவை ஒன்பது. அவன் தந்தை படிவத்தில் 'தமிழ் நன்கு தெரியும்' என்று குறித்தான். பையன் அருகில்தான் அமர்ந்திருந்தான். "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். புரிந்துகொண்டான், விடையோ ஆங்கிலத்தில் வந்தது. கேட்டுப் புரிதல் வேறு, பேசுதல் வேறு, படித்தல் வேறு, எழுதுதல் வேறு. இந்நான்கையும் ஒன்றாக்கி 'நன்கு' என்னும் ஒரு சொல்லில் மூடுவது யாரை ஏமாற்ற?

மறுநாள் தாம்பரம் நிலையத்திலிருந்து பரங்கிமலை வரை அவனைத் தொடர்வண்டியில் அழைத்துச் சென்றேன். பெயர்ப்பலகைகளில் ஆங்கில வரியைப் பாராமல் தமிழ் வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். தாம்பரத்தை, டகர ஒலியில் தொடங்கி 'டாம்பரம்' என்றான். எழுத்தை அவன் படிக்கவில்லை. ஆங்கில எழுத்தில் முன்பு பார்த்த வடிவத்தை நினைவிலிருந்து சொன்னான். ஆங்கிலத்தில் தகரத்திற்கும் டகரத்திற்கும் ஒரே எழுத்து. பழவந்தாங்கலில் ழகரம் ஆங்கில வரியில் இரண்டெழுத்தாகக் கிடக்கின்றது. அதைக் கண்டு பழகிய நாக்கு சகரத்தையும் ககரத்தையும் போலத் தடுமாறிற்று.

ஆங்கில எழுத்தின் வழியே தமிழ் பயிற்றுவோர் செய்யும் கேடு இதுவே. பல்லாவரத்தின் முதலில் நிற்கும் பகரம் வல்லொலியாய் ஒலிக்கும். தாம்பரத்திலும் மீனம்பாக்கத்திலும் அதே பகரம் மகர மெய்யை அடுத்து மெலிந்து ஒலிக்கும். எழுத்து ஒன்று, இடம் நோக்கி ஒலி மாறும். இவ்வொழுங்கைக் குழந்தை தமிழ் எழுத்தைக் கண்டே உணரவேண்டும். ஆங்கிலத்தில் இரு வேறு எழுத்தாக எழுதிக் காட்டினால், தமிழுக்கு எழுத்துப் போதவில்லை என்று பிள்ளை எண்ணுவான். குறை எழுத்தில் இல்லை, கற்பித்தவனிடத்தில் உள்ளது.

பரங்கிமலை வருமுன் அவன் நிலை தெளிந்தது. கேட்டல் உண்டு, பேச்சு அரைகுறை, எழுத்தறிவு இல்லை. ஆனால் தந்தை எழுதியதை நம்பினால் பள்ளி அவனை மூன்றாம் நிலையில் அமர்த்தும். அங்கே ஏனையோர் பத்தி படிப்பர். இவன் உயிர்மெய் தேடுவான். நாணமுற்றுச் சில கிழமைகளில், 'தமிழ் வேண்டா' என்பான். பிறகு பெற்றோர் பள்ளியைப் பழிப்பர்.

வகுப்பின் அளவையும் எண்ணிப்பாருங்கள். கிழமைக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு முப்பது கிழமை என்று கொண்டால் அறுபது மணி. அஃது இரண்டரை நாள்! இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் சொல்லும் தொடரும் இந்த இரண்டரை நாளில் முளைக்கவேண்டுமெனில், முதல் நாளே சரியான படியில் நிற்கவேண்டும். தவறான படியில் கழியும் ஒவ்வொரு மணியும் மீளாது.

அப்படியாயின் அகவை முதிர்ந்த தொடக்கநிலைப் பிள்ளையை ஐந்தகவைக் குழந்தைகளோடு அமர்த்துவதா என்பீர். அதுவும் அவனைக் கூசச் செய்யும். ஆகவே படிவத்தில் உண்மையை எழுதி, 'அகவையில் ஒத்த தொடக்கநிலைப் பிள்ளைகளோடு சேர்க்க இயலுமா?' என்று தனியே கேளுங்கள். அத்தகு வகுப்பு இல்லையெனில், தமிழ் இணையக் கல்விக்கழகம் உள்ளது. 2001-இல் தொடங்கப்பட்டுச் சென்னைக் கோட்டூர்புரத்தில் இயங்கும் அக்கழகம், அயலகத் தமிழர்க்காக அடிப்படை, இடை, மேல் என மூன்று நிலைச் சான்றிதழ்க் கல்வி நடத்துகின்றது. முதல் நிலைப் பாடங்களை வீட்டில் நடத்தி, அடுத்த ஆண்டு வகுப்பில் சேர்க்கலாம்.

இங்குள்ள தாத்தா, பாட்டியர்க்கும் ஒரு சொல். பேரன் ஆங்கிலத்தில் விடை கூறினால், நீங்களும் ஆங்கிலத்திற்கு மாறி 'அறிவாளி' என்று மெச்சாதீர். தமிழில் மீண்டும் கேளுங்கள், காத்திருங்கள். அவன் தவறாய்ச் சொன்னால் நகையாதீர்.

என் மகனிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 'கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது' என்று திருத்தி எழுதினான். பெயர்க் கட்டத்தின் அருகே, பையன் தன் பெயரைத் தமிழில் எழுத முயன்றான். இரண்டெழுத்துப் பிழை. பிழையோடே அனுப்பினோம். ஆசிரியர்க்கு அவனைப் பற்றிய உண்மை அவ்விரண்டு பிழையில்தான் இருந்தது.