கழித்து வந்த எண் மழை தராது

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் ஓர் ஆறுதல் மொழி தவறாமல் ஒலிக்கிறது. "எல் நினோ வந்தால் வரட்டும், இந்தியப் பெருங்கடல் இருமுனை நேர்நிலைக்குப் போகிறது, பருவமழை தப்பிவிடும்" என்பதே அது. தொலைக்காட்சி விவாதத்தில் தொடங்கும் இம்மொழி நாளிதழ்த் தலையங்கத்தில் ஏறி, வகுப்பறைக் குறிப்புகளில் நிலைத்து, கடைசியில் ஆய்வேடுகளின் முதல் இயலிலும் இடம்பிடித்துவிடுகிறது. மேலைக் கடல் சூடானால் இந்தியாவுக்கு மழை, கீழைக் கடல் சூடானால் வறட்சி என்று ஒரு விதியாகவே இது மனப்பாடம் செய்யப்படுகிறது. இவ்விதியை 2023 ஆகஸ்ட் நேரில் பொய்யாக்கியது. அதன் பின்னரும் மொழி மாறவில்லை என்பதே இங்குள்ள குறை.

இருமுனை என்பது என்ன? 1999ஆம் ஆண்டு சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாதா ஆகியோர் 'நேச்சர்' இதழில் இதற்கு வடிவம் கொடுத்தனர். ஆப்பிரிக்காவை அடுத்த மேலைக் கடலில் ஒரு கட்டம்: கிழக்கு நெட்டாங்கு 50 முதல் 70 டிகிரி வரை, நிலநடுக்கோட்டின் இருபுறமும் பத்துப் பத்து டிகிரி. சுமத்திராவை அடுத்த கீழைக் கடலில் மற்றொரு கட்டம்: நெட்டாங்கு 90 முதல் 110 டிகிரி வரை, நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே பத்து டிகிரி. ஒவ்வொரு கட்டத்திலும் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, மேலைக் கட்டத்தின் விலகலிலிருந்து கீழைக் கட்டத்தின் விலகலைக் கழித்தால் குறியீட்டெண் கிடைக்கும். பொதுவாக இவ்வெண் சில வாரங்கள் தொடர்ந்து 0.4 டிகிரிக்கு மேல் நின்றால் நேர்நிலை என்பர்.

குற்றம் இந்த வரையறையில் இல்லை. அது சுருக்கமானது, பயனுள்ளது. ஆனால் கழித்தல் ஒரு தகவலை விழுங்கிவிடுகிறது என்பதை அதைப் பயன்படுத்துவோர் மறந்துவிடுகின்றனர். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டில் மேலைக் கடல் இயல்பைவிட 0.8 டிகிரி சூடு, கீழைக் கடல் இயல்பு நிலை. மற்றோர் ஆண்டில் மேலைக் கடல் 0.1 டிகிரி சூடு, கீழைக் கடல் 0.7 டிகிரி குளிர்ச்சி. இரண்டிலும் குறியீட்டெண் 0.8தான். ஆனால் முதல் ஆண்டில் சுமத்திராவுக்கு மேலே மேகம் வழக்கம்போல் திரண்டெழும். இரண்டாம் ஆண்டில் அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். இந்தியப் பருவமழையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஏன் ஒன்றல்ல என்பதற்கான விடை, இருமுனை என்ற சொல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1980இல் சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் செயற்கைக்கோள் மேகப் படங்களை நாள் நாளாக ஆராய்ந்து, கோடையில் இப்பகுதியில் மேகப்பட்டை தங்குவதற்கு இரண்டு இருக்கைகள் உண்டு என்று காட்டினர். ஒன்று, கங்கைச் சமவெளியை ஒட்டிய தாழ்வழுத்த அச்சு; மற்றொன்று, நிலநடுக்கோட்டை ஒட்டிய சூடான கடல். கடல்மேல் பிறக்கும் பட்டை சில வேளைகளில் வடக்கே நகர்ந்து நிலத்தின் மழைக்கு உயிரூட்டும். ஆனால் அது கடலிலேயே குடியிருந்துவிட்டால் நிலத்துக்கு வரவேண்டிய ஈரக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நிலமும் கடலும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடுகின்றன.

கீழைக் கடல் குளிர்வதன் பொருளை இப்போட்டியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாவா, சுமத்திராக் கரைகளை ஒட்டித் தென்கிழக்குக் காற்று வலுக்கும்போது, அது மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அடியிலுள்ள குளிர்நீர் மேலேறுகிறது. குளிர்ந்த நீரின்மேல் மேகம் குறைகிறது. அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசத் தொடங்குகிறது. அக்காற்று சூடான நீரை மேற்கே ஒதுக்க, கிழக்கில் வெந்நீர் அடுக்கு இன்னும் மெலிகிறது. மேலேறும் நீர் இன்னும் குளிர்கிறது. இவ்வாறு கடலும் காற்றும் ஒன்றையொன்று தூண்டி வளர்கின்றன. சுமத்திராவுக்கு மேலே காற்று எழுவதற்குப் பதிலாக இறங்கும்போது, போட்டியாளர்களில் ஒருவர் களத்தை விட்டு விலகுகிறார். ஈரம் வங்கக் கடலின் தலைப்பகுதிக்கும் தாழ்வழுத்த அச்சுக்கும் திரும்ப வழி பிறக்கிறது. ஆகவே பருவமழைக்கு உதவுவது மேலைக் கடலின் சூட்டைவிட, கீழைக் கடலின்மேல் மேகம் அற்றுப்போவதே.

இந்த வேறுபாட்டை 1997, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகள் தெளிவாக்குகின்றன. இரண்டும் மிக வலுவான எல் நினோ ஆண்டுகள். இரண்டும் அட்டவணையில் நேர்நிலை இருமுனை ஆண்டுகள். 1997இல் நாடளாவிய பருவமழை நீண்டகாலச் சராசரியில் 102 விழுக்காடு. 2015இல் 86 விழுக்காடு. விதி உண்மையென்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 1997இல் சுமத்திராக் கரையோரக் கடல் ஆழமாகக் குளிர்ந்தது. 2015இல் இந்தியப் பெருங்கடல் முழுவதுமே வெதுவெதுப்பாக இருந்தது. கிழக்கு வலுவாகக் குளிரவில்லை. மேற்கின் மிகைச் சூடே குறியீட்டெண்ணை நேர்நிலைக்குத் தூக்கியது. பெருங்கடல் முழுவதும் சூடேறிவரும் காலத்தில் இத்தகைய 'நேர்நிலை'களின் மீது ஐயம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. 2001இல் அசோக், குவான், யமகாதா ஆகியோர், இருமுனை வலுவாக உள்ள காலங்களில் எல் நினோவின் பிடி பருவமழையின்மீது தளர்வதைக் காட்டினர். 1994, 1997 ஆண்டுகள் அவர்கள் பக்கம் நிற்கின்றன. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2004இல் காட்கிலும் உடனாய்வாளர்களும் ஒரு திருத்தத்தை முன்வைத்தனர். பருவமழையின் மிகை, வறட்சி ஆண்டுகளைப் பிரித்துக் காட்டுவதற்குக் கடல் வெப்பநிலையின் ஊசலைவிட, நிலநடுக்கோட்டுக் காற்றிலும் மேகத்திலும் தெரியும் ஊசலே எல் நினோவோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது என்றனர். கடலின் ஊசலும் காற்றின் ஊசலும் பெரும் நிகழ்வுகளில் கைகோத்து ஆடுகின்றன. மற்ற ஆண்டுகளில் அவ்வாறு ஆட வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுவோரில் பலர் இரண்டாவதைத் திறந்தும் பார்ப்பதில்லை.

இரண்டாவது பிழை காலத்தைப் பற்றியது. இருமுனை மே, ஜூனில் முளைத்து, செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சம் தொட்டு, காற்று திசைமாறும் டிசம்பரில் மடிகிறது. தென்மேற்குப் பருவமழையோ ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. அதாவது, விதைப்புக் காலத்தில் காப்பாளன் இன்னும் குழந்தை.

புகழ்பெற்ற 2019ஐயே எடுத்துக்கொள்ளலாம். பதிவிலுள்ள மிக வலுவான நேர்நிலைகளுள் அது ஒன்று. பருவமழை 110 விழுக்காடு. 'இருமுனை காத்த ஆண்டு' என்று அது கொண்டாடப்படுகிறது. ஆனால் அவ்வாண்டு ஜூனில் மழை 33 விழுக்காடு குறைவு. செப்டம்பரில் 152 விழுக்காடு கொட்டியது. காப்பாற்றப்பட்டதாகச் சொல்லப்படும் எல் நினோவும் பருவத்தின் நடுவிலேயே வலுவிழந்து மறைந்துவிட்டது. குறியீட்டெண் உச்சம் தொட்டதோ பருவமழை விலகத் தொடங்கிய அக்டோபரில். பின்னால் வந்த உச்சத்தைக் காட்டி முன்னால் பெய்த மழையை விளக்குவது எந்த முறையியல்?

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கக் கடலில் பருவமழை வலுத்தால், அது சுமத்திராவைக் கடந்து வரும் தென்கிழக்குக் காற்றை மேலும் இழுக்கும். அந்தக் காற்றே சுமத்திராக் கடலைக் குளிர்விப்பது. எனவே நல்ல மழையே இருமுனையை ஓரளவு வளர்த்திருக்கக்கூடும். செப்டம்பர்–நவம்பர் குறியீட்டெண்ணோடு ஜூன்–செப்டம்பர் மழையை ஒட்டுறவு காட்டிவிட்டு, முன்னதைக் காரணம் என்றும் பின்னதை விளைவு என்றும் எழுதும் ஆய்வேடு, காரண காரியத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் வாய்ப்பைக்கூட ஆராய்வதில்லை.

இப்போது 2023. ஏப்ரலில் வெளியான முன்னறிவிப்பு 96 விழுக்காடு மழை என்றது. எல் நினோவின் பாதிப்பை நேர்நிலை இருமுனை ஈடுசெய்யக்கூடும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வந்தது. பருவ முடிவில் கிடைத்தது 94 விழுக்காடு. மொத்தத்தை மட்டும் பார்த்தால் முன்னறிவிப்பு பிழைபடவில்லை. அது தன் பிழைவரம்புக்குள்ளேயே நின்றது. ஆனால் ஆகஸ்டில் 36 விழுக்காடு பற்றாக்குறை. 1901 முதலான பதிவில் அதைவிட வறண்ட ஆகஸ்ட் இல்லை. இருமுனை முழு வலுப்பெற்றது அதற்குப் பிறகே. செப்டம்பரில் 113 விழுக்காடு மழை பெய்தபோது, ஆகஸ்டில் கருகிய பயிர் மீண்டும் முளைக்கவில்லை. கர்நாடகத்தின் பெரும்பாலான வட்டங்கள் வறட்சிப் பகுதிகளாயின; காவிரியில் நீர் வராமல் டெல்டாவின் குறுவை வாடியது. பருவச் சராசரி என்பது அறிக்கைக்கு உரியது. பயிருக்கு உரியது வாரம்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் இருமுனை எதிர்நிலை. விதிப்படி அது வறட்சி ஆண்டாகியிருக்க வேண்டும். பெய்ததோ 106 விழுக்காடு. பசிபிக்கில் லா நினா நிலவியது என்று உடனே விடை வரும். சரியான விடைதான். ஆனால் பசிபிக் வலுத்தால் பசிபிக், இல்லையேல் இருமுனை என்று நிகழ்ந்த பின் தேர்ந்துகொள்வதற்கு விளக்கம் என்று பெயரில்லை. எந்த ஆண்டாலும் பொய்யாக்க முடியாத கூற்று எந்த ஆண்டையும் முன்னறிவிக்காது.

இருமுனையைத் தூக்கி எறிய வேண்டும் என்பது இவ்வாதத்தின் முடிவன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் கிழக்காப்பிரிக்க மழைக்கு அது நேரடிக் காரணி. 1997, 2019 ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் அதற்குச் சான்று. அங்கே உச்சமும் மழையும் ஒரே காலத்தில், ஒரே கடலோரத்தில் சந்திக்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு அந்த நெருக்கம் இல்லை. அங்கே பெற்ற உறுதியை இங்கே கடனாகக் கொண்டுவருவதே தவறு.

ஆகவே ஆய்வுலகம் செய்ய வேண்டியவை மூன்று. குறியீட்டெண்ணைத் தரும் எந்தக் கட்டுரையும் இரு கட்டங்களின் விலகல்களையும் தனித்தனியே தர வேண்டும். பருவ மொத்தத்தோடு நிற்காமல் மாதவாரியாக, முன்பின் வரிசை குலையாமல் ஒட்டுறவைக் காட்ட வேண்டும். கடலைப் பற்றிச் சொல்லும்போது அதன்மேல் மேகம் உண்மையில் குறைந்ததா என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றுக்கான தரவுகள் அனைத்தும் எவரும் இலவசமாகப் பெறத்தக்கவை. மே மாதத்துக்கு முன் இருமுனையைக் கணிக்கும் திறன் மாதிரிகளுக்கு மிகக் குறைவு என்பதும் நன்கு தெரிந்ததே. தெரிந்திருந்தும் ஏப்ரலில் ஆறுதல் வழங்குவோர், அந்த ஆறுதலை நம்பி ஜூனில் கடன் வாங்கி விதைப்பவனுக்கு ஆகஸ்டில் என்ன விடை சொல்வார்கள்?