ஃபேன் சுத்துது, சரி. மணிக்கு எத்தனை முறை காத்து மாறுது?

பூதலூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறை இருக்கிறது. உரிமையாளர் பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். அங்கே வேலை செய்கிற ஐந்து பெண்களின் கூலி அந்த அறையில்தான் இருக்கிறது. ஐந்து பேரும் சேரியைச் சேர்ந்தவர்கள். நடவும் களையும் இருக்கிற நாட்களில் வயலுக்குப் போவார்கள். மற்ற நாட்களில் இந்த அறையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் ஒட்டுவார்கள்.

உள்ளே நுழைந்ததும் சொல்யூஷன் வாடை முகத்தில் அடிக்கிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், "தொறந்தா தூசி வந்து பசையில ஒட்டிக்குது தம்பி, பீஸைத் திருப்பி அனுப்பிடுறாங்க" என்கிறார் ஒரு அக்கா. தலைவலி உண்டா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம மட்டும் இருக்காது" என்றார்.

உரிமையாளரிடம் பேசினோம். சுவரைக் காட்டினார். "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கேனே, வேற என்ன செய்யச் சொல்றீங்க? அதுவும் இல்லாம, அவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும்தான் இந்தப் பதிவு. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். சாக்கடைக்குள் இறக்கும்போதும் இதையேதான் சொல்வார்கள்: அவங்களுக்கு அந்த நாத்தம் பழக்கம். பழகுவது மூக்கு மட்டும்தான். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போகிற அளவு அதனால் ஒரு துளியும் குறையாது. மற்ற நாளெல்லாம் இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுப்போகிற தலைவலி பழக்கத்தின் அடையாளம் அல்ல. வேலைசெய்யும் இடம்தான் காரணம் என்பதற்கான முதல் தடயம் அது.

இனி ஃபேன். அதற்கு நம்மில் பலரிடம் பதில் இல்லை. நானும் அன்று பதில் சொல்லாமல்தான் திரும்பினேன். சமூகவியல் படித்த எனக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சொல்யூஷன் என்பது ரப்பர் அல்லது பிசினைக் கரைப்பானில் கரைத்த பசை. காய்ந்ததும் வாரில் நிற்பது ரப்பர் மட்டும். கரைப்பான் முழுவதும் ஆவியாகி அறைக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே எவ்வளவு ஆவி வந்தது என்பதை அறிய முதலில் கருவி தேவையில்லை, எத்தனை தகரம் காலியாகிறது என்பது தெரிந்தால் போதும். அந்த அறையில் நாளுக்கு 2 லிட்டர் பசை செலவாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கரைப்பான் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1.6 லிட்டர். 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 200 மில்லி.

அந்தக் கரைப்பான் டொலுயீன் என்று கொள்வோம். 200 மில்லி டொலுயீனின் எடை ஏறத்தாழ 173 கிராம். ஒரு மோல் 92 கிராம், ஆவியானால் ஒரு மோல் சுமார் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக மணிக்கு 46 லிட்டர் சுத்தமான டொலுயீன் ஆவி அந்த அறைக்குள் பிறக்கிறது. ஒரு தம்ளர் திரவம் இரண்டு பெரிய குடம் ஆவியாக மாறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதை எவ்வளவு காற்றில் கரைக்க வேண்டும்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை டொலுயீனுக்கு வைத்த 8 மணி நேர வரம்பு 100 பி.பி.எம். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு ஆவி என்று அர்த்தம். கணக்கு இவ்வளவுதான்:

```
Q = (G × 1000000 ÷ C) × K
ACH = Q ÷ V
```

G என்பது மணிக்குப் பிறக்கும் ஆவி, 0.046 கன மீட்டர். C என்பது வரம்பு. Q என்பது மணிக்கு உள்ளே வரவேண்டிய நல்ல காற்று. V என்பது அறையின் கொள்ளளவு. K பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இப்போதைக்கு 1 என்று வைப்போம்.

100 பி.பி.எம்.முக்கு Q 460 கன மீட்டர் வருகிறது. அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், அதாவது 60 கன மீட்டர். 460ஐ 60ஆல் வகுத்தால் 7.7. அறையின் காற்று மணிக்கு ஏறத்தாழ 8 முறை முழுதாக மாற வேண்டும்.

ஃபேன் பெட்டியில் மணிக்கு 600 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அது 10 முறை. உரிமையாளர் ஜெயித்துவிட்டார் என்றுதான் தோன்றும். அவசரப்பட வேண்டாம், தோழர்களே. இங்கேதான் K வருகிறது.

K = 1 என்றால், ஆவி பிறந்த அந்த நொடியே அறை முழுக்கச் சமமாகக் கலந்துவிடுகிறது என்று பொருள். எந்த அறையிலும் அப்படி நடப்பதில்லை. பசைக் கிண்ணம் அந்த அக்காவின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அறையின் சராசரி எதுவாக இருந்தாலும் அவர் மூச்சுவிடுவது கிண்ணத்துக்கு மேலே உள்ள காற்றை. அந்த ஃபேனோ வாசலை ஒட்டி மாட்டியிருக்கிறது. வாசல் வழியாக வரும் காற்று நேராக ஃபேனுக்குப் போய் வெளியேறுகிறது. பெண்கள் உட்கார்ந்திருக்கும் மூலையை அது தொடுவதே இல்லை. வாசலையும் சாத்திவிட்டால் உள்ளே வரக் காற்றுக்கு வழியே கிடையாது. உள்ளே வராதது வெளியே போகவும் போகாது. பெட்டியில் அச்சிட்ட 600 என்பது முன்னால் பின்னால் தடை எதுவும் இல்லாதபோது ஓடுகிற கணக்கு.

இந்தக் குறைகளுக்காகத்தான் காற்றோட்டப் பொறியாளர்கள் K என்ற பெருக்கலை வைத்திருக்கிறார்கள். அமைப்பின் தரத்தைப் பொறுத்து 1 முதல் 10 வரை வைப்பார்கள். இந்த அறைக்கு 5 என்பது கடுமையான மதிப்பீடு அல்ல. K = 5 என்றால் தேவை மணிக்கு 2,300 கன மீட்டர், 38 முறை. இருப்பதோ 10 முறை. திருப்பிப் போட்டால், அந்த 600இல் உண்மையில் பயன்படுவது 120 கன மீட்டர்தான். 46 லிட்டர் ஆவியை அதில் கரைத்தால் பெண்களின் மூக்கருகே 383 பி.பி.எம். கரண்ட் போய் ஃபேன் நின்று, இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை மட்டும் காற்று மாறுகிறது என்று வையுங்கள். மூன்று மணி நேரத்தில் அளவு 700ஐத் தாண்டிவிடும். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு 500.

இன்னொன்று. 100 என்பது நம் சட்டத்தின் பழைய வரம்பு. அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர்களின் சங்கமான ஏ.சி.ஜி.ஐ.எச். பரிந்துரைப்பது 20. அதை வைத்துக்கொண்டால் K = 5இல் மணிக்கு 192 முறை காற்று மாற வேண்டும். மணிக்கு 192 முறை என்றால் 19 நொடிக்கு ஒரு முறை. அறைக்குள் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வார் பறக்கும். இது நடக்காது.

நடக்காது என்று கணக்கே சொல்வதுதான் இங்கே முக்கியம். கலந்து நீர்க்கச் செய்கிற காற்றோட்டம் என்பது ஆவி கொஞ்சமாகவும், நச்சு குறைவாகவும், வேலை செய்பவர் தள்ளியும் இருக்கும்போது மட்டும் போதுமான வழி. இந்த அறையில் மூன்றும் இல்லை. பசையில் டொலுயீனுக்குப் பதில் ஹெக்சேன் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கால் கை நரம்புகளைத் தின்னும். 1960களில் ஜப்பானில் வீட்டில் வைத்துச் செருப்பு ஒட்டியவர்களின் கால்கள் இப்படித்தான் செயலிழந்தன. 2009இல் சீனாவின் சூசோ நகரில் விண்டெக் ஆலையில் கைப்பேசித் திரைகளை ஹெக்சேனால் துடைக்க வைத்தார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை 2011இல் ஆப்பிள் நிறுவனமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் அறையை மூடச் சொல்வதா? அந்த ஐந்து பேரும் அதைக் கேட்கவில்லை. மூடினால் அடுத்த நடவு வரை கூலி இல்லை. துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதா? துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கேட்க வேண்டியது வேறு.

ஒட்டும் வேலையை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, அதில் முன்பக்கம் மட்டும் திறந்த ஒரு பெட்டி வைக்கலாம். திறப்பு 60க்கு 40 சென்டிமீட்டர். அந்தத் திறப்பின் வழியே நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மணிக்கு 432 கன மீட்டர் போதும். ஆவி அறைக்குள் கலப்பதற்கு முன்பே பிடிபட்டுவிடுகிறது. அறை முழுக்க நீர்க்கச் செய்ய 20 பி.பி.எம்.முக்கு 11,500 கன மீட்டர் கேட்ட அதே வேலை இது. பசைக் கிண்ணத்துக்கு மூடி போட்டால் G குறையும். தண்ணீரில் கரைத்த பசைக்கு மாறினால் இன்னும் குறையும். டொலுயீன் தீப்பற்றும் பொருள் என்பதால் ஃபேனின் மோட்டார் ஆவி போகும் வழியில் இருக்கக் கூடாது. அதே காரணத்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க யாரும் அங்கே ஊதுபத்தி கொளுத்தாதீர்கள். ஒரு மெல்லிய நூலைத் தொங்கவிட்டால் போதும். குழாயின் வாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திறக்கிறது என்பதையும் பாருங்கள். ஊரின் கழிவு எப்போதும் எந்தப் பக்கம் வரும் என்பது நமக்குத் தெரியும்.

சட்டத்தை நம்பலாமா? மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. ஐந்து பெண்கள் எந்த எண்ணுக்குள்ளும் வரவில்லை. நுரையீரலுக்குத் தலை எண்ணிக்கை தெரியாது.

அடுத்த முறை யாராவது ஃபேனைக் காட்டினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். தகரத்தில் என்ன கரைப்பான், நாளுக்கு எத்தனை லிட்டர், அறை எத்தனை கன மீட்டர், உள்ளே காற்று வர வழி எங்கே. பசை தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள், முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். பிறகு அவர் எதிரிலேயே உட்கார்ந்து கணக்கைப் போடுங்கள்.

நாங்கள் அப்படித்தான் இரண்டாம் முறை போனோம். கிண்ணங்களுக்கு மூடி வந்திருக்கிறது. ஃபேன் வாசல் பக்கத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு மாறியிருக்கிறது. பெட்டி இன்னும் வரவில்லை, "பாக்கலாம்" என்கிறார். அக்காவிடம் தலைவலி எப்படி என்று கேட்டேன். "சாயந்தரம்தான் வருது இப்ப" என்றார். வரக்கூடாது என்பதுதான் நம் கோரிக்கை.