ஏழு லட்சத்தில் காணாமல் போன பதினெட்டாயிரம்

"அப்போ மீதி பதினெட்டாயிரம் யாருக்குடா போகுது?"

ரூம்மேட்டோட அப்பா போனில் கேட்ட கேள்வி இது. ஸ்பீக்கர்ல போட்டிருந்ததால எனக்கும் கேட்டுச்சு. பையன் சேலத்துக்காரன், கேம்பஸ்ல ரெண்டு ஆஃபர் வாங்கி வச்சிருக்கான். ஒண்ணு ஏழு லட்சம், இன்னொண்ணு ஆறு லட்சம். ஏழை எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ணி, ஏழு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாசம் 58,333 ரூபாய்னு வீட்டில் சொல்லிட்டான். கல்விக்கடன் தவணை பதினோராயிரம், வீட்டுக்கு இருபதாயிரம், மிச்சத்தில் சென்னையில் ராஜ வாழ்க்கைன்னு பட்ஜெட்டும் போட்டாச்சு. அப்புறம்தான் ஆஃபர் லெட்டரோட கடைசிப் பக்கத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்தோம். முதல் பக்கத்தில் "வாழ்த்துகள்" இருக்கும், கடைசிப் பக்கத்தில்தான் சம்பளம் இருக்கும் :-)

சி.டி.சி. என்பது நமக்குக் கொடுக்கிற சம்பளம் இல்லை. நம்மை வேலைக்கு வச்சிருக்கிறதுக்குக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. அந்தச் செலவில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்பதைக் கம்பெனியே முடிவு பண்ணுது. ஒரு இடத்தில் இன்சூரன்ஸ் பிரீமியம் உள்ளே, இன்னொரு இடத்தில் வெளியே. அதனால் ரெண்டு கம்பெனியோட சி.டி.சி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சு ஒப்பிடறது, ஒரு கடையில் சட்டியோட எடை போட்ட தயிரையும் இன்னொரு கடையில் சட்டி இல்லாமல் எடை போட்ட தயிரையும் ஒப்பிடற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏழு லட்சத்தைப் பிரிச்சா இப்படி வந்தது. அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 3,00,000. வீட்டு வாடகைப்படி 1,20,000. சிறப்புப்படி 1,00,000. இந்த மூணும் சேர்ந்து 5,20,000, அதாவது மாசம் 43,333. மாதாமாதம் வரப்போறது இது மட்டும்தான். பாக்கி 1,80,000 என்ன ஆச்சு? கம்பெனி செலுத்துற பி.எஃப். 36,000. கிராஜுவிட்டி 14,430. மருத்துவ இன்சூரன்ஸ் 9,570. வேரியபிள் பே 70,000. ஒரு வருஷம் முடிச்சா ஒரே ஒரு தடவை தர்ற ரிட்டென்ஷன் போனஸ் 50,000.

அந்த 43,333-லயும் முழுசா கைக்கு வராது. நம்ம பங்கு பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், மூவாயிரம் போகும். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாசக் கணக்கில் 208. வருமான வரி பிடிக்க மாட்டாங்க. 2025-26 நிதியாண்டில் இருந்து புதிய முறையில், நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளக்காரங்களுக்கு வரி கிடையாது. ஆக கைக்கு வர்றது 40,125. அப்பா கேட்ட பதினெட்டாயிரம் இதுதான்.

இதில் கிராஜுவிட்டி பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம் அது. வேலை செஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாசத்தை 26 நாளா வச்சுக் கணக்கு. அதைச் சதவீதமாக்கினா அடிப்படைச் சம்பளத்தில் 4.81 வரும், அட்டவணையில் இருக்கிற 14,430 அப்படி வந்தது. ஆனா நிரந்தர ஊழியருக்கு அது அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் போதும்னு மாத்தியிருக்காங்க, நிரந்தர ஊழியருக்கு இல்லை. எங்க சீனியர்ஸ்ல மூணு வருஷம் ஒரே இடத்தில் இருந்தவனை விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க எல்லாரோட "பேக்கேஜ்"லயும் இந்தத் தொகை வருஷா வருஷம் இருந்தது. ஒரு பைசா கைக்கு வரலை.

இப்போ ஆறு லட்சம் ஆஃபர். அதிலும் அடிப்படைச் சம்பளம் மூணு லட்சம்தான். ஆனா பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்குப் பிடிக்காமல், 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம், மாசம் 1,800. கம்பெனி பங்கும் அதே, வருஷத்துக்கு 21,600. வேரியபிள் 30,000. கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸும் உண்டு, ஆனா சி.டி.சி.க்கு வெளியே. மிச்சம் 5,48,400, மாசம் 45,700. பிடித்தம் போகக் கைக்கு 43,692.

ஒரு லட்சம் குறைவான ஆஃபர்ல மாசம் 3,567 ரூபாய் அதிகம்! நான் கால்குலேட்டரை மூணு தடவை தட்டிப் பார்த்தேன்.

இங்கேயே நிறுத்தி "சின்ன ஆஃபர்தான் பெருசு"ன்னு சொல்லிட்டா நானும் போங்கு ஆடறேன்னு அர்த்தம். பி.எஃப். நம்ம காசு, கம்பெனி பங்கும் நமக்குத்தான் வரும். அதையும் சேர்க்கணும். முதல் ஆஃபர்ல கைக்கு வர்றது வருஷத்துக்கு 4,81,500, பி.எஃப்.பில் ரெண்டு பங்கும் சேர்ந்து 72,000, மொத்தம் 5,53,500. ரெண்டாவதில் 5,24,300-உம் 43,200-உம் சேர்த்து 5,67,500. நிச்சயமான பணத்தில் இப்பவும் ஆறு லட்சம்தான் முன்னாடி, வித்தியாசம் பதினாலாயிரமாச் சுருங்கிடுச்சு, அவ்வளவுதான்.

அப்போ ஏழு லட்சத்தோட பெருமையெல்லாம் எதில் இருக்கு? வேரியபிள் 70,000, போனஸ் 50,000, இந்த ரெண்டில்தான். நண்பன் எச்.ஆருக்கு மெயில் போட்டுக் கேட்டான். கேள்வி ரொம்ப எளிமை: போன வருஷம் ஃப்ரெஷர்களுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க, போனஸ் வாங்கினப்புறம் எத்தனை மாசத்துக்குள்ள விலகினா திருப்பித் தரணும்? பதில் வந்தது (ஆச்சரியம்தான்). 60 சதவீதம், ஒரு வருஷம்.

அறுபது சதவீதம்னா 42,000. முதல் வருஷம் போனஸோட சேர்த்து 6,45,500. ஆறு லட்சம் கம்பெனி வேரியபிளை முழுசாக் கொடுத்தாலும் 5,97,500தான். ஆக முதல் வருஷம் ஏழு ஜெயிக்குது, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது வருஷம் அந்த ஐம்பதாயிரம் கிடையாது. 5,95,500-க்கும் 5,97,500-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு லட்சம் வித்தியாசம்னு நினைச்ச ரெண்டு ஆஃபரும் ஒண்ணுதான். அதுவும் ஒண்ணில் பணம் மாசாமாசம் வருது, இன்னொண்ணில் வருஷக் கடைசியில் வந்தால் வருது. கடன் தவணை அஞ்சாம் தேதி வரும், அப்ரைசல் முடியட்டும்னு பேங்க் காத்திருக்காது.

புதுச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஊதியம்னு கணக்கிடப்படற பகுதி மொத்தத்தில் பாதிக்குக் குறையக்கூடாது, படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டின தொகையை ஊதியத்தோட சேர்த்துக்கணும். அடிப்படைச் சம்பளத்தை 30 சதவீதத்தில் வச்சிருந்த இடங்களில் இதனால் கிராஜுவிட்டிக் கணக்கு ஏறும். உச்சவரம்பு வைக்காமல் முழுசுக்கும் பி.எஃப். பிடிக்கிற இடமா இருந்தா அதுவும் ஏறி, அதே சி.டி.சி.யில் கைக்கு வர்றது குறையும். அதனால் ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்த சீனியரோட பே ஸ்லிப்பை வச்சு உங்க ஆஃபரைக் கணிக்காதீங்க.

என் கருத்து இதுதான்: பிளேஸ்மென்ட் போர்டில் சி.டி.சி. போடறதை நிறுத்தி, மாசாமாசம் நிச்சயமா வர்ற மொத்தச் சம்பளத்தைப் போடணும். கம்பெனிகிட்ட அந்த எண் இருக்கு, காலேஜ் கேட்டா கொடுக்கும். காலேஜ்தான் கேட்காது. ஃப்ளெக்ஸ் பேனரில் 43,333-ஐ விட ஏழு லட்சம் அழகா இருக்கே!

நண்பன் அப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு ஆறு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். மெயின் கேட் பக்கத்தில் இருக்கிற பேனரில் அவன் போட்டோவுக்குக் கீழே இன்னும் ஏழுதான் இருக்கு.