கேட்காமல் எடுத்தால் அதுவும் வெட்டி வேலைதான்

தோழர்களே, முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தலித் எழுத்தாளரின் நாவலை நாங்கள் குறும்படமாக எடுத்தோம். 35 நிமிடம். ஏப்ரல் 14 அன்று சேரித் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டோம். மறுவாரம் யூடியூபில் ஏற்றினோம். எழுத்தாளரிடம் போனில் சொன்னபோது, "எடுங்கப்பா, நல்லதுதானே" என்றார். அதுவே அனுமதி என்று எடுத்துக்கொண்டோம். நம்ம அய்யாதானே!

இரண்டு வருடம் கழித்து ஒரு திரைப்பட நிறுவனம் அதே நாவலைக் கேட்டு அவரிடம் வந்தது. நிறுவனத்தின் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இந்த நாவலின் பட உரிமையை இதற்கு முன் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?" அவர் இல்லை என்றார், மனதறிந்து உண்மையாகவே. வக்கீல் நாவலின் பெயரை இணையத்தில் தேடினார். எங்கள் படம் முதலில் வந்து நின்றது. எங்களுக்கு இந்த நாவலில் எந்த உரிமையும் இல்லை என்று எங்கள் அனைவரிடமும் எழுதி வாங்கி வரச்சொன்னார்கள். எங்களில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை. கையெழுத்துகள் சேர்வதற்குள் மாதங்கள் ஓடின. நிறுவனம் திரும்பி வந்தபோது பழைய தொகையில் பாதிதான் பேசியது. அய்யா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், "இயக்கத்துக்காக எடுக்கிறோம், காசு பார்க்கவா எடுக்கிறோம்?" என்ற வாதத்தை இன்றைக்கும் கல்லூரித் தோழர்களிடம் கேட்கிறோம். நம் பாட்டன்மார் ஊருக்குக் கூலியில்லாமல் செய்தது வெட்டி வேலை. அதைச் செய்யவைத்தவனும் ஊர் நன்மை என்றுதான் பெயர் சொன்னான். பத்து வருடம் உட்கார்ந்து எழுதிய ஒருவரின் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, நோக்கம் நல்லது என்று நாம் சொன்னால், அது எந்த வகையில் வேறு?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வெறும் கருவுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரட்டைக் குவளையைப் பற்றியோ, மயானத்துக்குப் பாதை மறுக்கப்படுவதைப் பற்றியோ படமெடுக்க எவரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் ஒரு நாவல் அதை எந்தப் பாத்திரங்களை வைத்து, எந்த நிகழ்ச்சி வரிசையில், எப்படிச் சொன்னதோ அது எழுதியவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படமெடுக்கும் உரிமையும் அதில் அடக்கம். டிக்கெட் போடவில்லை என்பது இங்கே உதவாது. காசு வாங்காமல் ஓர் அமெச்சூர் குழு நாடகம் போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அது மேடையில் நிகழ்த்துவதற்கு. கேமராவில் படமாக்குவது வேறு உரிமை.

சரி, யாரிடம் கேட்பது? எழுத்தாளரிடம் பேசிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிப்பகத்தோடு அவர் போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்ற ஒற்றைச் சொல்லில் பட உரிமையும் போயிருக்கலாம். எழுத்தாளர் காலமாகிவிட்டால் 60 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளுக்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், மூத்தவர் மட்டும் போதாது. மராத்தி நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துத் திரைக்கதை எழுதினால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரிடமும் கேட்க வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூலென்றால் மட்டுமே இந்த அலைச்சல் இல்லை.

மாணவர் படத்துக்குப் பெரிய பத்திரம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நாவல், எவ்வளவு நீளப் படம், எத்தனை வருடம், எங்கெங்கே திரையிடலாம், யூடியூபில் ஏற்றலாமா, எவ்வளவு தொகை என்பதை எழுதுங்கள். 2,000 ரூபாய்தான் முடியும் என்றால் அதையே எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, "இது தனி உரிமை அல்ல; முழுநீளப் படத்துக்கான உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது" என்ற வரி. எங்கள் அய்யாவிடம் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே வக்கீலின் கேள்வி முடிந்திருக்கும்.

இனி அடுத்த பக்கம். நம் எழுத்தாளர்களைத் தேடி நிறுவனங்கள் வருகின்றன. பூமணியின் 'வெக்கை' 2019இல் 'அசுரன்' ஆன பிறகு இந்தத் தேடல் கூடியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது ஆப்ஷன் ஒப்பந்தம். மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிட்டு, பிறகு கிரயம் முடிப்பாரே, ஏறக்குறைய அதுதான். ஒரு வித்தியாசம்: கெடு முடியும்வரை எழுத்தாளர் வேறு யாருக்கும் விற்க முடியாது, ஆனால் நிறுவனம் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படிக் காத்திருப்பதற்கான கூலிதான் ஆப்ஷன் தொகை. "ஃபைனான்ஸ் கிடைத்ததும் பார்க்கலாம்" என்று சும்மா கையெழுத்து வாங்க வருகிறவரிடம் இந்தக் கூலியைக் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முழு விலை 6 லட்சம் என்று பேசுகிறார்கள். ஆப்ஷன் 12 மாதம், அதற்கு 60,000. நீட்டிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை, 6 மாதம், இன்னொரு 30,000. முதல் 60,000 விலையில் கழியும்; நீட்டிப்புத் தொகை கழியாது. கெடுவுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து மீதி 5,40,000 கொடுத்தால்தான் உரிமை கைமாறும். கொடுக்காவிட்டால் நாவல் தானாகவே ஆசிரியரிடம் திரும்பும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இந்த விலையையும் நிபந்தனைகளையும் அன்றைக்கே எழுதி, கிரய ஒப்பந்த வரைவாக ஆப்ஷனோடு இணைத்துவிட வேண்டும். "விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றால் அது ஆப்ஷனே இல்லை.

அய்யாவுக்கு இரண்டாவது முறை வந்த தாளை நாங்கள் ஒரு வக்கீல் தோழரோடு உட்கார்ந்து படித்தோம். தலைப்பு ஆப்ஷன் ஒப்பந்தம். உள்ளே நான்காவது பத்தியில் "இன்று முதல், உலகம் முழுவதும், எக்காலத்துக்கும் மாற்றித் தருகிறேன்" என்று இருந்தது. தலைப்பில் அக்ரிமென்ட், உள்ளே கிரயம்! தொகையோ முன்பணம் மட்டும். கடைசிப் பக்கத்தில் "19(4) பிரிவு பொருந்தாது" என்று ஒரு வரி. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, உரிமை மாற்றம் காலாவதியாகும். காலமே எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று 19(5) கொள்ளும். எழுத்தாளரைக் காப்பாற்றும் கதவுகள் இவை. அதனால்தான் அந்தத் தாளில் ஒன்றுக்கு "எக்காலத்துக்கும்" என்றும், இன்னொன்றுக்கு "பொருந்தாது" என்றும் எழுதி இரண்டையும் முதலிலேயே பூட்டிவிட்டார்கள்.

பணத்தைவிட எங்களைப் பதறவைத்தது "தேவையான எல்லா மாற்றங்களும் செய்யலாம்" என்ற வரி. நாவலின் நாயகன் எந்தச் சேரிக்காரன் என்பது திரையில் "ஏழை இளைஞன்" ஆகிவிடும். மன்னு பண்டாரியின் 'ஆப்கா பன்ட்டி' என்ற இந்தி நாவல் 'சமய் கி தாரா' என்று படமானபோது, கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். உரிமையை விற்ற பிறகும் 57ஆம் பிரிவு ஆசிரியரைக் காக்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1986இல் சொன்னது. ஆனால் வழக்கு சமரசத்தில் முடிந்தது. படத்திலிருந்து அவர் பெயரும் நாவலின் பெயரும் நீங்கின. வென்றாலும் கிடைப்பது இவ்வளவாக இருக்கலாம். ஆகவே எதை மாற்றக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னோம்: நாயகனின் சாதி அடையாளம், ஊர்க்கூட்டக் காட்சி, முடிவு. இறுதித் திரைக்கதையை அய்யா படித்த பிறகே படப்பிடிப்பு.

நிறுவனம் இரண்டை ஒப்புக்கொண்டது. முடிவை மாற்றும் சுதந்திரம் வேண்டும் என்றது. அய்யா கையெழுத்துப் போடவில்லை.